முறுக்கப்படும் சதுரத் தண்டு: முக்கோண வலையில் அணியைக் கோப்பதும், வலையை நுண்மையாக்கும்போது பிழை குறைவதும்

ஃபைனைட் எலிமென்ட் முறையைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான். இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது சதுரக் குறுக்குவெட்டு கொண்ட தண்டின் முறுக்கம். முக்கோணத் துண்டுகளில் நேரியல் சார்புகளை வைத்துத் தீர்க்கும் வழியை ரிச்சர்ட் கூரன்ட் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியபோது, அவர் எடுத்துக்காட்டியதும் முறுக்கக் கணக்குதான். முறைக்கு இன்றுள்ள பெயரை ரே கிளஃப் 1960இல்தான் வைத்தார்.

நாம் தேடும் தகைவுச் சார்பு u, பக்கம் 1 கொண்ட சதுரத்துக்குள் −Δu = 1 என்ற சமன்பாட்டை நிறைவு செய்ய வேண்டும். நான்கு விளிம்புகளிலும் u = 0. தண்டின் வெட்டுத் தகைவுகள் u-இன் சரிவிலிருந்து கிடைக்கும். தண்டு முறுக்கத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் முறுக்க மாறிலி J = 4∫u. தொடர் முறையில் இதன் சரியான மதிப்பு 0.140577 என்றும், சதுரத்தின் நடுப்புள்ளியில் u = 0.073671 என்றும் தெரியும். இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு வலைக்குள் இறங்கலாம்.

ஒரு முக்கோணம்

சமன்பாட்டை அப்படியே புள்ளிக்குப் புள்ளி தீர்க்க நாம் முயல்வதில்லை. விளிம்பில் சுழியாகும் எந்தச் சோதனைச் சார்பு v-ஐ எடுத்தாலும் ∫∇u·∇v = ∫v ஆக வேண்டும் என்று கேட்கிறோம். u, v இரண்டும் ஒவ்வொரு முக்கோணத்திலும் நேரியலாக இருக்கட்டும். அப்போது முக்கோணத்தின் மூன்று முனை மதிப்புகள் தெரிந்தால் உள்ளே எல்லாம் தெரியும். சரிவு முக்கோணம் முழுக்க ஒரே மாறிலி. மாறிலியைத் தொகையிட வேண்டுமானால் பரப்பால் பெருக்கினால் போதும். மொத்தச் சூத்திரமும் இவ்வளவுதான்:

```
b1 = y2 - y3    c1 = x3 - x2
b2 = y3 - y1    c2 = x1 - x3
b3 = y1 - y2    c3 = x2 - x1
K[i][j] = (bi*bj + ci*cj) / (4A)
F[i]    = A/3
```

A என்பது முக்கோணத்தின் பரப்பு. முனைகளை இடஞ்சுழியாக எண்ணினால் அது நேர்மறையாக வரும்.

சதுரத்தை 2×2 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தால் வெட்டுகிறேன். எட்டு முக்கோணங்கள், ஒன்பது கணுக்கள். கணுக்களைக் கீழ் வரிசையில் 1, 2, 3, நடு வரிசையில் 4, 5, 6, மேல் வரிசையில் 7, 8, 9 என்று எண்ணுவோம். நடுக்கணு 5 மட்டுமே விளிம்பில் இல்லாதது.

முதல் முக்கோணம் (1, 2, 5). முனைகள் (0,0), (½,0), (½,½). இதற்கு b = (−½, ½, 0), c = (0, −½, ½), A = 1/8. சூத்திரத்தில் இட்டால் கிடைப்பது:

```
 0.5  -0.5   0
-0.5   1    -0.5
 0    -0.5   0.5
```

இந்தச் சிறிய அணியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் சுழி. மூன்று முனைகளிலும் u ஒரே மதிப்பாக இருந்தால் சரிவே இல்லை, ஆற்றலும் இல்லை. அதைத்தான் அந்தச் சுழி சொல்கிறது. செங்கோணம் இருக்கும் முனைக்கு (இங்கே 2) அணியின் மூலைவிட்டத்தில் 1, மற்ற இரண்டுக்கும் ½. கர்ணத்தின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள எண் சுழி. கட்டத்தின் அளவு எங்கும் இல்லை என்பதையும் பாருங்கள். முக்கோணத்தைப் பாதியாகச் சுருக்கினால் b, c பாதியாகும், A கால்வாசியாகும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. இரு பரிமாணத்துக்கே உரிய பண்பு இது. முக்கோணத்தின் வடிவம் மட்டுமே இந்த அணியைத் தீர்மானிக்கிறது. நுண்மையாக்கும்போது வடிவத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பின்னால் சொல்லப்போவதற்கும் இதுதான் அடிப்படை.

கோத்தல்

சிறிய அணியின் 1, 2, 3 என்ற உள்ளூர் எண்களுக்கு வலையில் 1, 2, 5 என்று பெயர். ஆகவே சிறிய அணியின் (3,3) இடத்திலுள்ள ½, வலை முழுவதற்குமான பெரிய அணியின் (5,5) இடத்துக்குப் போகிறது. (2,3) இடத்திலுள்ள −½ பெரிய அணியின் (2,5) இடத்துக்கு. அங்கே முன்பே ஏதாவது எண் இருந்தால் அதோடு கூட்டப்படுகிறது. கோத்தல் என்பது இந்தக் கூட்டல்தான். மொத்தத் தொகையீடு முக்கோணங்களின் தொகையீடுகளின் கூட்டல் என்பதால் அது நியாயமாகவும் இருக்கிறது.

கணு 5-ஐத் தொடும் முக்கோணங்கள் ஆறு: (1,2,5), (1,5,4), (2,6,5), (4,5,8), (5,6,9), (5,9,8). இவற்றில் (2,6,5), (4,5,8) இரண்டிலும் செங்கோணம் கணு 5-இலேயே விழுகிறது, அவை தலா 1 தருகின்றன. மற்ற நான்கும் தலா ½. ஆக (5,5) இடத்தில் 4. கணு 2-க்கும் 5-க்கும் இடையே உள்ள பக்கத்தை (1,2,5), (2,6,5) என்ற இரண்டு முக்கோணங்கள் பகிர்கின்றன. தலா −½, கூட்டினால் −1. 4, 6, 8 ஆகியவற்றுக்கும் அப்படியே −1. கணு 1-க்கும் 9-க்கும் போகும் பக்கங்கள் கர்ணங்கள், எனவே 0. நடுக்கணுவின் நிரையில் 4-உம் நான்கு −1-களும் மட்டுமே மிஞ்சுகின்றன. வேறுபாட்டு முறைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஐந்து புள்ளி அமைப்பு இது. ஒழுங்கான செங்கோண முக்கோண வலையில் இரு முறைகளும் ஒரே அணியைத் தருகின்றன. வலை கோணலாகும்போதும் விளிம்பு வளையும்போதும்தான் பாதைகள் பிரிகின்றன. கோக்கும் கணினி நிரலோ அப்போதும் ஒரு எழுத்துக்கூட மாற வேண்டியதில்லை.

வலப்பக்கத்துச் சுமை F-க்கும் இதே வழி. ஆறு முக்கோணங்களும் தலா A/3 = 1/24 தருகின்றன, மொத்தம் ¼. விளிம்புக் கணுக்களில் u = 0 என்பதால் அவற்றின் நிரைகளையும் நெடுவரிசைகளையும் விட்டுவிடுகிறோம். மிஞ்சுவது ஒரே சமன்பாடு: 4u₅ = ¼, அதாவது u₅ = 0.0625. சரியான மதிப்பு 0.0737. தெரியாத எண் ஒன்றே ஒன்றுதான் என்னும்போது இவ்வளவு நெருங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

நிரலில் இதைச் செய்யும் பகுதி இவ்வளவு சிறியது:

```python
for t in tri:
    K, A = kmat(xy[t])
    for a in range(3):
        F[t[a]] += A/3
        for b in range(3):
            rows.append(t[a]); cols.append(t[b])
            vals.append(K[a, b])
S = coo_matrix((vals, (rows, cols)), shape=(N, N)).tocsr()
```

`coo_matrix` ஒரே இடத்துக்கு வரும் பல எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும். `tocsr()` அவற்றைக் கூட்டும். வேகத்துக்காகச் சுற்றை எடுத்துவிட்டு, `numpy` அடர் அணியில் `S[rows, cols] += vals` என்று ஒரே வரியில் எழுத ஆசை வரும். அது கூட்டாது. ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால் கடைசியாக வந்த எண் மட்டுமே நிற்கும். நம் வலையில் கடைசியாகக் கணு 5-ஐத் தொடுவது (5,9,8) என்றால் மூலைவிட்டத்தில் 4-க்குப் பதில் 0.5 இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடர் அணியில்தான் வேலை செய்ய வேண்டுமென்றால் `np.add.at` என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

தவறு வந்தால் எப்படித் தெரியும்

இதைவிட நுணுக்கமான தவறு ஒன்று உண்டு. வலை உருவாக்கும் கருவி ஒரு முக்கோணத்தை மட்டும் வலஞ்சுழியாக எண்ணிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். (2,6,5) என்பது (2,5,6) ஆகிவிட்டது. அதன் A இப்போது −1/8. ஆகவே அதன் அணி முழுவதும் குறி மாறுகிறது. கணு 5-இன் மூலைவிட்ட எண் 4-லிருந்து 2-க்கு இறங்குகிறது: வர வேண்டிய 1 வரவில்லை, மேலும் 1 கழிந்தது. சுமையும் ¼-லிருந்து 1/6 ஆகிறது. விடை u₅ = 0.0833.

இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. சரியான 0.0737-இலிருந்து இதன் தூரம் 0.0096. ஒழுங்காகக் கோத்த வலையின் 0.0625-க்கோ தூரம் 0.0112. தவறான விடை சரியான விடையை விட உண்மைக்கு அருகில் போய் நிற்கிறது! நிரைகளின் கூட்டுத்தொகை இன்னும் சுழிதான், ஏனென்றால் சுழியின் குறியை மாற்றினாலும் சுழியே. அணி சமச்சீராகவும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் செய்யும் இரண்டு சோதனைகளிலும் இது தப்பித்துவிடும்.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. பரப்புகளைக் கூட்டினால் 1 வர வேண்டும், இங்கே 0.75 வரும். இன்னும் வலுவானது நேரியல் சார்புச் சோதனை. எல்லாக் கணுக்களிலும் u = x என்று வைத்துப் பெரிய அணியால் பெருக்கினால், உட்கணு ஒவ்வொன்றின் நிரையிலும் சுழி வர வேண்டும். சரியான வலையில் கணு 5-க்கு 4×½ − (½ + 0 + 1 + ½) = 0. திரும்பிய முக்கோணம் இருந்தால் நிரையில் 5-க்கு 2, 4-க்கும் 8-க்கும் −1 மட்டுமே மிஞ்சும்: 2×½ − 0 − ½ = ½. உடனே வெளிப்பட்டுவிடுகிறது. u = y என்பதற்கும் இதைச் செய்ய வேண்டும். வலை எவ்வளவு கோணலாக இருந்தாலும் இந்தச் சோதனை செல்லும் என்பதே இதன் பெரிய பலம். நுண்மையாக்கிப் பிழையைப் பார்ப்பதற்கு முன் இதைத் தாண்டாத நிரலை நான் நம்புவதில்லை.

நுண்மையாக்கல்

இப்போது ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்து அதை நான்காகப் பிரிக்கிறோம். நான்கும் தாய் முக்கோணத்துக்கு வடிவொத்தவை. 2×2 கட்டம் 4×4 ஆகிறது, பிறகு 8×8, 16×16. முக்கோணங்கள் 8, 32, 128, 512 என்று பெருகுகின்றன. தீர்க்க வேண்டிய எண்கள் 1, 9, 49, 225.

4×4 வலையைக் கையாலேயே தீர்க்கலாம். ஒன்பது உட்கணுக்களில் சமச்சீரால் மூன்று மதிப்புகள்தான் வேறுபட்டவை: மூலைப் பக்கம் p, விளிம்பு நடுவுக்கு அருகில் q, மையம் r. கட்டத்தின் பக்க நீளம் h என்றால், ஒவ்வொரு கணுவின் சுமையும் h² = 1/16. சமன்பாடுகள் 4p − 2q = 1/16, 4q − 2p − r = 1/16, 4r − 4q = 1/16. தீர்த்தால் p = 0.04297, q = 0.05469, r = 0.07031. J என்பது 4h² × (எல்லா மதிப்புகளின் கூட்டுத்தொகை), அதாவது 0.11523. நான்கு வலைகளின் விடைகளும் சேர்ந்து:

| கட்டங்கள் | நடுவில் u | அதன் பிழை | J | அதன் பிழை |
|---|---|---|---|---|
| 2×2 | 0.06250 | 0.01117 | 0.06250 | 0.07808 |
| 4×4 | 0.07031 | 0.00336 | 0.11523 | 0.02534 |
| 8×8 | 0.07278 | 0.00089 | 0.13369 | 0.00688 |
| 16×16 | 0.07345 | 0.00023 | 0.13881 | 0.00177 |

நடுப்புள்ளியின் பிழை ஒவ்வொரு படியிலும் 3.3, 3.8, 3.9 மடங்கு குறைகிறது. J-இன் பிழை 3.1, 3.7, 3.9 மடங்கு. இரண்டும் 4-ஐ நோக்கிப் போகின்றன. பக்க நீளம் பாதியானால் பிழை கால்வாசி. அதாவது பிழை h²-க்கு ஏற்பக் குறைகிறது.

சரிவின் பிழை இப்படி நடந்துகொள்ளாது. ஒரு முக்கோணத்தில் நம் சரிவு மாறிலி, உண்மைச் சரிவோ இடத்துக்கு இடம் மாறுவது. h நீளத்தைக் கடக்கும்போது அது h-க்கு ஏற்ற அளவு மாறியிருக்கும், ஆகவே சரிவின் பிழையை h-ஐவிட வேகமாகக் குறைக்க வழியில்லை. இதை அட்டவணையிலிருந்தே படிக்கலாம். வலை தரும் விடையை u_h என்று எழுதினால், நம் முறையில் சரிவுப் பிழையின் வர்க்கத் தொகையீடு ∫u − ∫u_h என்பதற்குச் சரியாகச் சமம், அதாவது J-இன் பிழையில் கால்வாசி. நான்கு வலைகளுக்கும் வர்க்கமூலம் எடுத்தால் 0.140, 0.080, 0.041, 0.021. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பாதி. தகைவு வேண்டுபவருக்குக் கிடைப்பது இந்தப் பாதிதான். கால்வாசி என்பது u-க்கும் J-க்கும் மட்டுமே. இதே சமன்பாட்டின் இன்னொரு விளைவு, J எப்போதும் கீழிருந்தே மேலேறும். ஏதாவது ஒரு வலையில் J உண்மையைத் தாண்டினாலோ, நான்காகப் பிரித்த பிறகு குறைந்தாலோ, கோத்தலிலோ தொகையீட்டிலோ தவறு இருக்கிறது என்று பொருள். மேலே பார்த்த திரும்பிய முக்கோணத்தின் 0.0833 நடுமதிப்பு உண்மையைத் தாண்டியது ஒரு குறிப்புதான். ஆனால் தனிப்புள்ளி மதிப்புக்கு இந்த உத்தரவாதம் கிடையாது, J-க்குத்தான் உண்டு.

சரியான விடை தெரியாத கணக்கில் என்ன செய்வது? அடுத்தடுத்த விடைகளின் வேறுபாட்டைப் பாருங்கள். J-க்கு அவை 0.0527, 0.0185, 0.0051, விகிதங்கள் 2.9, 3.6. விகிதம் 4-ஐ நெருங்குகிறது என்று உறுதியானால் கடைசி இரண்டையும் கலந்து (4×0.13881 − 0.13369)/3 = 0.1405 என்று எடுக்கலாம். 16×16 வலையின் பிழை 0.0018, இந்தக் கலவையின் பிழை 0.0001-க்கும் கீழே. புதிதாக ஒரு முக்கோணம்கூட வெட்டாமல் கிடைத்த துல்லியம் இது.

முக்கோணங்களின் எண்ணிக்கை கூடினாலே பிழை குறைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு முக்கோணத்தின் நடுவிலும் ஒரு கணுவை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொண்டே போனால் எண்ணிக்கை மூன்று மடங்காகப் பெருகும், ஆனால் முதல் வலையின் பக்கங்கள் ஒருபோதும் வெட்டுப்படாது. அந்தப் பக்கங்களில் u_h என்றைக்கும் ஒரே நேர்கோடாகவே இருக்கும். பிழை ஓர் அளவோடு நின்றுவிடும். முக்கோணங்களும் ஊசிபோல் மெலியும். குறைய வேண்டியது பக்க நீளம், அதுவும் கோணங்கள் 180 பாகையை நெருங்காமல்.

உள்நோக்கிய மூலை

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் சதுரத்தின் மூலைகள் 90 பாகையானவை. இப்போது பக்கம் 2 கொண்ட சதுரத்தில் கால்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு L வடிவத் தண்டை எடுத்துக்கொள்வோம். வெட்டிய இடத்தில் உட்கோணம் 270 பாகை. சமன்பாடும் விளிம்பு நிபந்தனையும் முன்போலவே. இதன் J ஏறத்தாழ 0.8563 என்று தெரியும்.

h = ½ என்றால் ஐந்து உட்கணுக்கள், சங்கிலிபோல் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். தீர்த்தால் J = 0.5337. h = ¼ என்றால் 33 உட்கணுக்கள், J = 0.7564. பிழைகள் 0.3226, 0.0999, விகிதம் 3.2. சதுரத்தில் முதல் விகிதம் 3.1-ஆகத்தான் இருந்தது. இரண்டு வலைகளோடு நிறுத்தினால் L வடிவம் சதுரத்தைவிட நன்றாக நடக்கிறது என்றே எழுதிவைப்போம். அது தவறான முடிவு.

270 பாகை மூலைக்கு அருகில், மூலையிலிருந்து உள்ள தூரம் r என்றால், u என்பது r^(2/3) போல நடந்துகொள்கிறது. அதன் சரிவு r^(−1/3), மூலையில் எல்லையற்றது. மூலையைத் தொடும் முக்கோணத்தில் ஒரு மாறிலிச் சரிவை வைத்து இதைப் பின்பற்ற முடியாது. அந்த மூலையால் வரும் பங்கு J-இன் பிழையில் h^(4/3)-க்கு ஏற்பத்தான் குறைகிறது: ஒவ்வொரு படியிலும் 2.52 மடங்கு. மற்ற இடங்களின் பங்கு 4 மடங்கு குறைகிறது. பருமனான வலையில் மற்ற இடங்களின் பங்கு பெரிதாக இருப்பதால் விகிதம் 3.2 என்று தெரிந்தது. நுண்மையாக்க நுண்மையாக்க அந்தப் பங்கு கரைந்து, மூலையின் பங்கு மட்டும் மிஞ்சும்; சதுரத்தில் விகிதம் 4-ஐ நோக்கி ஏறியதற்கு மாறாக இங்கே 2.52-ஐ நோக்கி இறங்கும். குறைந்தது நான்கு வலைகளாவது ஓட்டி, விகிதம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்காமல் முடிவு எழுதக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். 4 என்று நம்பி மேலே சொன்ன கலவைச் சூத்திரத்தை இங்கே போட்டால், அது திருத்த வேண்டியதில் ஒரு பகுதியை மட்டுமே திருத்தும்.

தகைவு இன்னும் கடினமானது. மூலையில் உண்மைத் தகைவு எல்லையற்றது, எனவே வலை காட்டும் உச்சத் தகைவு எந்த எண்ணையும் நெருங்காது. h பாதியாகும்போதெல்லாம் 2^(1/3), அதாவது சுமார் 1.26 மடங்கு ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறும் எண்ணை அறிக்கையில் உச்சத் தகைவு என்று எழுதுவது பொருளற்றது. உண்மையான தண்டில் அந்த மூலை சிறிதளவாவது வளைந்திருக்கும். தகைவு வேண்டுமென்றால் அந்த வளைவை வரைந்து, அதன் ஆரத்தைவிடச் சிறிய முக்கோணங்களால் நிரப்ப வேண்டும். J மட்டும் போதுமென்றால் கூர்மூலையே இருக்கலாம்.

J-க்கு இழந்த வேகத்தை மீட்கவும் முடியும். எல்லா இடத்திலும் ஒரே h வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டு, மூலையிலிருந்து r தூரத்தில் முக்கோணத்தின் அளவை h√r என்று அமைக்க வேண்டும். மூலையைத் தொடும் முக்கோணத்தில் அளவும் தூரமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அதன் அளவு h² ஆகிறது: வெளியே 1/16 என்றால் மூலையில் 1/256. இவ்வளவு சிறிய முக்கோணங்கள் வந்தும் மொத்த எண்ணிக்கை h⁻²-இன் ஒரு மாறிலி மடங்குக்குள்ளேயே நிற்கிறது, ஏனென்றால் அவை மிகச் சிறிய பரப்பில்தான் இருக்கின்றன. சரிவின் பிழை மீண்டும் h-க்கு ஏற்பக் குறைகிறது, J-இன் பிழை h²-க்கு ஏற்ப.

கோக்கும் நிரலுக்கு இந்த வலை புதிதல்ல. அதே ஒன்பது எண்கள், அதே கூட்டல். புதிதாக வரும் ஆபத்து ஒன்றுதான். ஒரு முக்கோணத்தைப் பிரித்து அதன் பக்கத்து முக்கோணத்தைப் பிரிக்காமல் விட்டால், பொதுப் பக்கத்தின் நடுவில் ஒரு கணு ஒரு புறத்துக்கு மட்டும் சொந்தமாகத் தொங்கும். அந்தப் பக்கத்தின் இரு புறத்திலும் u_h வேறு வேறு மதிப்பு எடுக்கும், சார்பு கிழிந்துவிடும், J கீழிருந்தே ஏறும் என்ற உத்தரவாதமும் போய்விடும். நேரியல் சார்புச் சோதனையில் அந்தக் கணுவின் நிரை சுழியாக வராது. பக்கத்தின் இரு முனைக் கணுக்களின் நிரைகளும், அவை உட்கணுக்களாக இருந்தால், சுழியாக வராது. தொங்கும் கணு இருக்கும் பக்கத்து முக்கோணத்தையும் அந்தக் கணுவிலிருந்து எதிர்முனைக்குக் கோடிழுத்து இரண்டாக வெட்ட வேண்டும். அந்த இரட்டைத் துண்டுகளை அடுத்த சுற்றில் மேலும் பிரிக்க நேர்ந்தால், கோட்டை அழித்துவிட்டுத் தாய் முக்கோணத்தையே நான்காகப் பிரிப்பது நல்லது. இல்லாவிட்டால் சுற்றுக்குச் சுற்று கோணங்கள் மெலிந்துகொண்டே போகும்.